விலைமனுவுக்கு முன் நான்கு வினாக்கள்

எங்கள் ஆலங்குடாக் கரையில் சோலார் பொருத்தும் தொழிலை மேற்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர், யாரேனும் விலைமனு கேட்டால் உடனே அளவுநாடாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடாமல், முதலில் தொலைபேசியிலேயே நான்கு விஷயங்களை விசாரித்தறிந்துகொள்கிறார். பணம் உண்டா, முடிவெடுக்கும் அதிகாரம் யாருடையது, தேவை யாது, காலம் எப்போது என்பனவே அந்த நான்கு. இந்த வரிசை அவருடைய கற்பனையன்று, அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் விற்பனையாளருக்குச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுத்துக்கொடுத்ததென்று வணிக உலகம் வழங்கிவருவது அது. பெரும் இயந்திரங்களை விற்றவர்களின் முறை எங்கள் மணற்கரைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அவர் கையாண்ட ஒரு விவகாரத்தைக் கொண்டே பார்க்கலாம்.

ஒரு விலைமனுவைச் செம்மையாக ஆக்குவது இலேசான காரியமன்று. நேரில் சென்று கூரையை அளக்கவேண்டும். காலையிலும் மாலையிலும் எந்தத் தென்னையின் நிழல் எங்கே விழுகிறதென்று கவனிக்கவேண்டும். பன்னிரண்டு மாத மின்பட்டியல்களை வாங்கிக் கணக்கிடவேண்டும். உப்புக்காற்று அரிக்காத சட்டத்துக்கும் ஆணிகளுக்கும் விலை விசாரிக்கவேண்டும். ஆலங்குடாவின் விடுதிகளிலோ கிடுகு வேய்ந்த குடில்கள் மிகுதியாதலால், அக்கூரைகள் தகடுகளின் பாரத்தைத் தாங்கமாட்டா. ஆகவே நிலத்தில் தனியே தாங்கி அமைப்பதற்கு இன்னொரு வரைபடமும் வேண்டியதாகிறது. இவ்வளவுக்கும் இரண்டு முழு நாட்கள் கழியும். கேட்பவரோ ஒரு சதமும் கொடுப்பதில்லை.

விடுதியொன்றின் மேலாளர் ஒரு நாள் அவரை அழைத்து, “தம்பி, இருபது கிலோவாட் சோலார் ஒண்டு போடணும், ஒரு கொட்டேஷன் தாங்க” என்றார். இருபது கிலோவாட் என்றால் ஏறத்தாழ நாற்பது தகடுகள். நல்ல வெயிற்காலத்தில் மாதம் இரண்டாயிரம் அலகுக்கு மேல் மின்சாரம் தரக்கூடிய பெரிய ஏற்பாடு. வேறொருவராயின் அந்த எண்ணைக் கேட்டதுமே மகிழ்ந்து மறுநாட் காலையிலேயே விடுதி வாசலில் நின்றிருப்பார். இவரோ, “என்னத்துக்கு நானா?” என்று மட்டும் கேட்டார்.

“கரண்ட் போற நேரமெல்லாம் ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்திக் கட்டுப்படியாகல்ல” என்பது மறுமொழி. தொள்ளாயிரம் மெகாவாட் வலுவுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையத்தை அண்டை அயலில் வைத்துக்கொண்டும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை இருளில் இருந்த நாட்டின் மக்களாகிய எங்களுக்கு அந்தக் குறை புரியாததன்று. ஆனால் இங்கேதான் கேட்ட பொருளும் வேண்டிய பொருளும் வேறாயின. மின்கலமில்லாமல் மின்சார சபைக் கம்பியோடு இணைக்கப்படும் சாதாரண சோலார், சபையின் மின்சாரம் நின்ற கணமே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர்மேல் மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இருபது கிலோவாட்டையும் பொருத்திவிட்டு, அடுத்த மின்வெட்டில் மேலாளர் மீண்டும் டீசல் ஊற்றியிருப்பார். குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், விசிறி, விளக்கு ஆகிய இவை மாத்திரம் நாலைந்து மணித்தியாலம் ஓடினால் போதுமென்று விசாரித்தறிந்தபின், மின்கலத்தோடு கூடிய ஐந்து கிலோவாட் ஏற்பாடே அவருடைய உண்மையான தேவை என்பது தெளிவாயிற்று.

அடுத்தது அதிகாரம். “முடிவெடுப்பது நீங்களா?” என்று நேரே கேட்பது மனத்தைப் புண்படுத்தும், அதற்குப் பெரும்பாலும் “ஓம்” என்ற விடையே கிடைக்கும். இவர் கேட்டது வேறு: “லைட் பில் யார்ட பேர்ல வருது நானா? கடதாசிய இன்னும் யாரெல்லாம் பார்ப்பாங்க?” பட்டியல் காணிச் சொந்தக்காரர் பெயரில் வருகிறதென்றும், அவர் கொழும்பில் இருக்கிறாரென்றும், விடுதியைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வெளிநாட்டில் இருக்கிறாரென்றும் இவ்வினாவால் வெளிப்பட்டது. சோலாரைச் சபையின் கம்பியோடு இணைக்கக் கணக்குக்குரியவரின் ஒப்பம் வேண்டும், பணம் கொடுப்பவர் குத்தகைக்காரர், அனுபவிப்பவர் மேலாளர். இந்த மூவரும் ஒருமனப்படாதவரை எந்த விலைமனுவும் மேசையின் இழுப்பறையிலேயே கிடக்கும். எங்கள் கரையில் பேசுபவர் வேறு, ஒப்பமிடுபவர் வேறு என்பது விடுதிகளுக்கு மாத்திரமன்றிச் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பொதுவான இயல்பாதலால், இந்த வினாவையே முதன்மையாகக் கொள்ளவேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

பணத்தைப் பற்றிய வினாவில்தான் அமெரிக்க முறை இங்கே சற்றுத் தடுமாறுகிறது. பெரிய நிறுவனங்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே நிதி ஒதுக்கிவைப்பவை. சிறிய விடுதிக்கு அப்படியோர் ஒதுக்கீடு இராது. “எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால், பேரம் பேச வழிவகுக்கும் பொய்யான எண்ணொன்றே கிடைக்கும். அதற்குப் பதிலாக டீசலுக்கு மாதம் என்ன செலவாகிறது, குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு என்ற இரண்டையும் இவர் கேட்டார். குத்தகை மூன்றாண்டே எஞ்சியிருந்தது. டீசற் செலவு மிஞ்சுவதைக்கொண்டு கணக்கிட்டால் போட்ட முதல் திரும்புவதற்கு ஐந்தாண்டு செல்லும். எனவே காணிக்காரர் பாதியை ஏற்கவேண்டும், அல்லது குத்தகை நீளவேண்டும், அல்லது கழற்றி எடுத்துச்செல்லத்தக்கதாகச் சட்டத்தை அமைக்கவேண்டும். பையில் பணம் இல்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடுதல் தவறு. முதல் திரும்பும் வழி இல்லையென்றாலோ, பணம் இருந்தும் பயனில்லை.

இறுதியாகக் காலம். “சீசனுக்கு முன்ன” என்றார் மேலாளர். டால்பின் பார்க்க வருவோரின் காலம் நவம்பரில் தொடங்குகிறது. அவர் பேசியதோ ஒக்டோபர் நடுப்பகுதியில். பொருள்கள் கொழும்பிலிருந்து வந்து, சபையின் அனுமதியும் கிடைப்பதற்குள் விருந்தினர் வந்துவிடுவர். “சீசனுக்கு முந்தி முடியாமப் போனா என்ன நடக்கும்?” என்று இவர் கேட்க, “என்ன நடக்க, டீசல் ஊத்துவம்” என்ற பதில் வந்தது. தவணை தவறினால் நஷ்டமேதும் இல்லையென்றால், அது தவணையன்று, வெறும் ஆசையே.

உரையாடல் முடிந்ததும் அவர் விலைமனு எழுதவில்லை. ஐந்து கிலோவாட்டுக்கு உத்தேச விலையின் கீழ்எல்லையும் மேல்எல்லையும், காணிக்காரரின் சம்மதக் கடிதம் கிடைத்தவுடன் அளவெடுக்க வருவதாக ஒரு வாக்கியமும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தப் பருவத்தில் கடிதம் வரவில்லை. இரண்டு நாட்கள் செல்லவேண்டிய இடத்தில் கால் மணித்தியாலமே சென்றது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மூன்று விலைமனு கோப்பில் இருக்கவேண்டும் என்னும் விதிக்காக மாத்திரம் மூன்றாவதாக அழைக்கப்படுபவரிடம் இந்த நான்குக்கும் குறையற்ற விடைகள் சொல்லப்படலாம். கேட்பவர் பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாமல், முத்திரையிட்ட கடிதத்தாளையும் நாளைக்கே வேண்டுமென்ற அவசரத்தையும் மாத்திரம் வற்புறுத்துவாராயின், தீர்மானம் முன்னமே ஆகிவிட்டது என்று ஐயுறுவதற்கு அது போதிய அறிகுறி.

விலைமனு கேட்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்பமிடுபவர் யார், எப்போது முடிவு செய்வார் என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் இலவசமாகக் கேட்பது ஒரு கடதாசியையன்று, ஒரு தொழிலாளியின் இரண்டு நாட் கூலியை.