கோடிட்ட இடத்தில் இரண்டு விடை இருந்தால் யார் மேல் தப்பு?



என் தங்கை பேரன் தான்சானியாவில் ஒரு டேனரிக்கு வேலைக்குப் போகிறான். அதற்காகச் சுவாஹிலி படிக்கிறான். நேற்று நாட்றம்பள்ளி வீட்டுக்கு வந்து, திருத்திய பயிற்சித்தாளை நீட்டினான். கோடிட்ட இடங்களை நிரப்புக. இரண்டு கேள்விக்குச் சிவப்பு மை.

முதல் கேள்வி: "ங்கோஸி ___மேகவுகா". ங்கோஸி என்றால் தோல், மேகவுகா என்றால் காய்ந்துவிட்டது. நம் வினைமுற்றில் 'அது', 'அன' கடைசியில் ஒட்டும். அவர்களுக்கு அது முன்னால் ஒட்டும். பையன் 'ஸி' என்று எழுதியிருக்கிறான். விடைத்தாளில் 'இ'. தவறு என்று அடித்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ங்கோஸிக்கு ஒருமையும் பன்மையும் ஒரே சொல். ஒரு தோல் காய்ந்தால் இமேகவுகா, பல தோல் காய்ந்தால் ஸிமேகவுகா. வினையைப் பார்த்துத்தான் எண்ணிக்கை தெரியும். "மாடு வந்தது, மாடு வந்தன" என்று பால்பகா அஃறிணைப் பெயர் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதே சங்கதிதான். வெறும் "மாடு வந்___" என்று கேட்டுவிட்டு 'தது' மட்டும்தான் சரி என்றால் நீங்கள் என்னைச் சும்மா விட்டிருப்பீர்களா? "ங்கோஸி டாட்டு", அதாவது மூன்று தோல், என்று ஒரு எண்ணைச் சேர்த்திருந்தால் 'ஸி' தவிர வேறு விடை கிடையாது. ஒரு சொல் சேர்க்கச் சோம்பல், பழி பையன் தலையில்!

இரண்டாவது: "ம்பூஸி ___மேலாலா". ஆடு தூங்குகிறது. இதற்கு 'இ' போட்டான். இது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். 'அ' வர வேண்டும், பல ஆடு என்றால் 'வா'. ஆனால் ஏன் தவறினான்? தொல்காப்பியர் மக்களை மட்டும் உயர்திணையில் வைத்தார், ஆடும் மரமும் நமக்கு அஃறிணை. சுவாஹிலியில் கோடு வேறு இடத்தில் விழுகிறது. உயிருள்ள ஆடு மனிதனோடு சேர்ந்து 'அ' வாங்கும். அதன் தோலை உரித்துவிட்டால் அது 'இ' பக்கம் போய்விடும். ஆம்பூர்க்காரனுக்கு இதைவிடச் சுலபமாக எப்படிச் சொல்வது?

அந்தத் தாளில் இது ஒரு வரி கூட இல்லை. 'கி'யில் தொடங்கும் சொல்லுக்கு வினையிலும் 'கி' என்று பத்துக் கேள்வி. கியாட்டு, அதாவது செருப்பு, ஷூ, 'கி' வாங்கும். சரி. பையன் பத்துக்குப் பத்து. அர்த்தமே தெரியாமல் மோனை பார்த்து நிரப்பியிருக்கிறான்! கிபோகோ என்றால் நீர்யானை. அதுவும் 'கி'யில்தான் தொடங்குகிறது, ஆனால் உயிருள்ளது, அதனால் 'அ' வாங்கும். அதைக் கேட்டிருந்தால் அந்தப் பத்துக்குப் பத்து நின்றிருக்காது. அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

நான் பச்சை மையால் ஒரு மதிப்பெண் திருப்பிப் போட்டுவிட்டேன். ஆட்டுக்குப் போடவில்லை.