ஓலை வாசிக்கும் முன் ஒரு தாள்



நிச்சயதார்த்தம் முடிந்து திருமணத்திற்கு நாள் குறித்திருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த வாரம் எழுதுகிறேன். பணத்தைக் குறித்து ஒரு போதகர் எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். என் தவறொன்றை அறிக்கையிட்டுத் தொடங்கினால் அதற்கு விடை கிடைக்கும்.

என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், மணமக்களைத் திருமணத்திற்கு முந்தின வாரத்தில்தான் அழைத்துப் பேசுவேன். பதிவேட்டில் எழுத வேண்டிய விவரங்களைச் சரிபார்ப்பேன், உடன்படிக்கை வாசகங்களை ஒருமுறை சொல்ல வைப்பேன், ஜெபித்து அனுப்பிவிடுவேன். மூன்று ஞாயிறுகளிலும் ஓலை வாசித்து, தடை உண்டோ என்று சபையாரைக் கேட்டேன். கேட்க வேண்டிய இருவரையும் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓராண்டு கழித்து அவர்களுள் சிலர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தபோது சொன்னது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "இது எனக்கு முன்னமே தெரியாது, ஐயா."

இக்காலத்தில் நிச்சயிக்கப்பட்ட இருவர் இரவுதோறும் கைபேசியில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். விருப்பமான உணவு, புடவையின் நிறம், செல்ல விரும்பும் ஊர் எல்லாம் பேசியாகிவிடுகிறது. மாதம் முதல் தேதியில் கைக்கு வரும் தொகை எவ்வளவு, அதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது மட்டும் பேசப்படுவதில்லை. கேட்டால் பேராசை என்று எண்ணுவார்களோ என்ற கூச்சமே காரணம். கூச்சத்தினால் விடப்பட்ட அந்த இடத்தை ஆளுக்கொரு கற்பனை நிரப்பிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஓர் உதாரணம் சொல்லுகிறேன். தம்பிக்குக் கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய், தங்கைக்கு 30,000. இருவர் வருமானமும் சேர்ந்து 75,000. மணமான உடனே வீட்டுக்கடன் வாங்கி, மாதம் 20,000 தவணையில் ஒரு வீடு வாங்கிவிடலாம் என்பது தம்பியின் திட்டம். என் அறையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஏற்கெனவே போகிற தொகைகளை மட்டும் எழுதச் சொன்னேன்.

தம்பி எழுதினார்: கல்விக்கடன் தவணை 9,500. அக்காளின் திருமணத்திற்காக எடுத்த தனிநபர் கடன் 11,000. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 10,000. தங்கை எழுதினார்: விதவையான தாயாருக்கு 8,000. தம்பியின் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 60,000, அதாவது மாதம் 5,000. கூட்டிப் பார்த்தோம். 43,500 ரூபாய் போய், மீந்தது 31,500. வீட்டு வாடகை 13,000 என்றால் மிச்சம் 18,500. இருவரும் தசமபாகம் கொடுக்கிறவர்கள், அது 7,500. உணவுக்கும் போக்குவரத்துக்கும் மருந்துக்கும் நின்றது 11,000. இருபதாயிரம் ரூபாய்த் தவணைக்கு அங்கே இடமே இல்லை.

தொகையைவிட அதன் பின் நடந்த பேச்சுதான் முக்கியம். "கல்யாணத்திற்குப் பிறகும் அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமா?" என்று தம்பி மெல்லக் கேட்டார். தங்கை அதிர்ந்துபோனார். அனுப்புவது நின்றுவிடும் என்று இவர் கேளாமலே முடிவு செய்திருந்தார். தொடரும் என்று அவர் சொல்லாமலே நம்பியிருந்தார். இருவரும் நல்லவர்கள்; இருவரும் பொய் சொல்லவில்லை. தன் பெற்றோருக்குத் தான் அனுப்பும் பத்தாயிரத்தைக் குறித்துத் தமக்குக் கேள்வியே எழவில்லை என்பதையும் தம்பி அப்போதுதான் கண்டார். தகப்பனையும் தாயையும் விட்டு இசைந்திருப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் அல்லவா?

தாளில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தேன். முதலாவது, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? மாதத் தவணை ஏதும் போகாததால் இதை ஒருவரும் கடனாக எண்ணுவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பது நம் நாட்டுச் சட்டம். நீதிமொழிகளின் ஞானி பிணைப்படுவதைக் குறித்து அத்தனை கண்டிப்பாக எச்சரித்ததும் வீணாக அல்ல.

இரண்டாவது கேள்வி வேலையைக் குறித்தது. "குழந்தை பிறந்தால் அவள் வேலையை விட்டுவிடுவாள்" என்று இரு வீட்டாரும் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாளைப் பாருங்கள் என்றேன். தம்பியின் 45,000 மட்டுமே வருமானமானால், 43,500 போக 1,500 ரூபாய் நிற்கும். வாடகை கொடுப்பதற்கு முன்பே இந்நிலை. பேறுகால விடுப்பு 26 வாரம் சட்டத்தில் இருந்தாலும், அதற்குப் பின் குழந்தையைப் பார்ப்பது யார், வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் யாருடைய வேலை நிற்கும் என்பவை அப்போது பேசித் தீர்க்கும் காரியங்கள் அல்ல.

அந்தத் தாள் அவர்களைப் பிரிக்கவில்லை. தனிநபர் கடன் இன்னும் 22 மாதத்தில் தீரும். தம்பியின் படிப்பு இரண்டாண்டில் முடியும். அப்போது மாதம் 16,000 விடுபடும் என்று கண்டார்கள். வீட்டுக்கனவை இரண்டாண்டு தள்ளிவைத்தார்கள். விருந்துக்காகப் புதுக்கடன் வாங்குவதில்லை என்று தீர்மானித்து, மண்டபத்தை விட்டுச் சபை மண்டபத்திலேயே வரவேற்பை வைத்தார்கள். பெற்றோருக்கு அனுப்பும் தொகையில் மாற்றம் வந்தால், அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்வது என்றும் எழுதிக்கொண்டார்கள். மருமகள் வந்து நிறுத்திவிட்டாள் என்ற சொல்லுக்கு அந்த ஒரு வரியே வாசலை அடைக்கும். பெண்ணின் நகையை விற்றுத் தம்பியின் கடனை அடைக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னபோது, அது வேறு பெயரில் வருகிற வரதட்சணை என்று நான் தடுத்தேன்.

தாள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. வேலை போகலாம், நோய் வரலாம், எண்கள் மாறும். ஆகவே எண்கள் பொருந்துகின்றனவா என்பதைவிட, விரும்பாத எண் ஒன்றைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். முகம் வாடினாலும் மறுநாள் பேச வருகிறாரா? அல்லது பல நாள் பேசாமல் தண்டிக்கிறாரா? உங்களிடம் பேசுமுன் தம் வீட்டாரிடம் போய்ச் சொல்லுகிறாரா? வருங்காலத்தில் வரப்போகும் ஒவ்வொரு சண்டையின் சாயலும் அந்த ஒரு வாரத்தில் தெரியும். தாளைக் காட்ட மறுக்கிறவரையும், கேட்கும்போதெல்லாம் வேறு தொகை சொல்லுகிறவரையும் கண்டால், அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே என்று அஞ்சாமல் நின்று விசாரியுங்கள். நிச்சயதார்த்தம் நின்றால் இரு குடும்பங்களுக்கு அவமானம் என்கிறோம். பீடத்தின் முன் வாக்குக் கொடுத்தபின் வெளிப்படும் கடனோ, இருவரை ஆயுள் முழுதும் வருத்தும்.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்பதைப் பேராசை என்று அடக்காதேயுங்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று போதித்தவர் நம் ஆண்டவர். நான் இப்போது மணமக்களை முதல் ஓலைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சந்திக்கிறேன். வரும்போது சம்பளச் சீட்டையும் கடன் கணக்கையும் கொண்டுவரச் சொல்லுகிறேன். அதை நான் வாசிப்பதில்லை. ஒருவருடையதை மற்றவர் வாசிக்கட்டும் என்று கொடுத்துவிட்டு, சற்று நேரம் வெளியே போய் நிற்பேன்.

மறைவானவற்றை வெளிச்சத்திற்குக் கொண்டுவருகிற தேவன், உங்கள் இல்லத்தின் அஸ்திபாரத்தை உண்மையின்மேல் கட்டுவாராக. ஆமென்.