வரி 18,000, தண்டம் 80,000

ஹல்துமுல்லை டவுனில் பலசரக்குக் கடை நடத்தும் அண்ணன் ஒருவர் இறைவரித் திணைக்களத்திலிருந்து வந்த கடிதத்தை நீட்டி, "இது அச்சுப் பிழைதானே தம்பி?" என்று கேட்டார். 2023/24 மதிப்பீட்டாண்டில் அவருக்குக் கிடைத்த இலாபம் 15 இலட்சம். அதில் 12 இலட்சம் விலக்குப் போக, மிச்சம் 3 இலட்சத்துக்கு 6 வீதப்படி வரி 18,000 ரூபாய். அதை 2024 செப்டெம்பரிலேயே கட்டிவிட்டார். நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டிய விபரத்திரட்டைத்தான் பெப்ரவரி 10ஆந் திகதி கொடுத்தார். அதற்குத் தண்டப்பணம் 80,000 ரூபாய்.

பிழை ஒன்றுமில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இதற்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. ஒன்று, செலுத்த வேண்டியிருக்கும் வரியில் 5 வீதமும், பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 வீதமும். மற்றது, 50,000 ரூபாயும், பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாயும். இரண்டில் எது பெரிதோ அதுதான் தண்டம். உச்சம் 4 இலட்சம். மாதத்தில் ஒரு நாள் பிந்தினாலும் அது ஒரு மாதம். அண்ணன் 18,000ஐயும் கட்டாமல் வைத்திருந்தால்கூட முதல் கணக்கில் 1,440 ரூபாய்தான் வரும். இரண்டாவது கணக்கில் டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி என்று மூன்று மாதமாகி 80,000. பெரிய கம்பனிக்கு 50,000 ஒரு பொருட்டில்லை. தோட்டத்துச் சனத்துக்குக் கடன் கொடுத்து வியாபாரம் செய்பவருக்கு அது பல மாதத்து மிச்சம்.

தகுந்த காரணத்தை எழுத்தில் காட்டினால் தண்டத்தைக் குறைக்கவோ முழுதாக நீக்கவோ ஆணையாளர் நாயகத்தால் முடியும். அண்ணனிடம் காரணம் இருந்தது. நவம்பர் 18ஆந் திகதி நெஞ்சுவலி வந்து தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து பதுளைக்கு மாற்றி, 29ஆந் திகதிதான் துண்டு வெட்டினார்கள். ஆறு கிழமை ஓய்வு என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆனால் அவர் எழுதுவித்துக்கொண்டு வந்த கடிதத்தில் இந்தத் திகதிகளில் ஒன்றுகூட இல்லை. ஒன்றரைப் பக்கம் முழுக்கக் கண்ணீர். மூன்று பிள்ளைகள், வயதான தாய், தெய்வமாய் நினைத்துக் கும்பிடுவது எல்லாம் இருந்தன. நம் மலைநாட்டில் துரைக்குப் பெட்டிசம் எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். துரைக்கு மனமிரங்கினால் போதும். வரி உத்தியோகத்தர் இரங்கினாலும், ஏன் விட்டுக்கொடுத்தேன் என்று கோப்பில் எழுதி வைக்க அவருக்கு ஏதாவது வேண்டும். அவர் தேடுவது ஒன்றே ஒன்று: கடைசித் திகதியான நவம்பர் 30ஐ இந்த நோய் மூடுகிறதா? டிசம்பரில் நோயில் விழுந்தவருக்கு 50,000 அதற்கு முன்பே விழுந்துவிட்டது. மார்ச்சில் விழுந்து ஜூனில் எழும்பியவருக்கு அந்த நோய் உதவாது.

அண்ணனின் நோய் அந்த நாளை நன்றாகவே மூடுகிறது. தண்டத்தில் பெரிய துண்டான 50,000, அவர் வீடு வந்து சேர்ந்த இரண்டாம் நாள் விழுந்தது. டிசம்பருக்கும் ஜனவரிக்குமான 20,000ஐயும் டொக்டரின் ஓய்வுத் துண்டு தாங்கும். பெப்ரவரிக்கான 10,000தான் சிக்கல். ஓய்வு ஜனவரி 10ஆந் திகதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு மாதம் போயிருக்கிறது. இதை மறைத்து எழுதினால் உத்தியோகத்தர் முதலில் அதைத்தான் கண்டுபிடிப்பார். ஆகவே அதை நாமே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரும். கடை பூட்டிக் கிடக்கவில்லை. அண்ணி திறந்து நடத்தினார். வியாபாரம் செய்ய முடிந்தவர்களுக்கு விபரத்திரட்டு மட்டும் ஏன் முடியவில்லை? இதற்குப் பதில் அவருடைய கடன் கொப்பியில் இருந்தது. லயத்துப் பெயர், வீட்டுக்காரரின் செல்லப்பெயர், பக்கத்தில் அவருக்கு மட்டும் விளங்கும் கோடும் புள்ளியும். 10ஆந் திகதிச் சம்பளத்துக்கு யார் தீர்த்தார், யார் பாதி வைத்தார் என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளில்தான். அண்ணிக்கு அது தெரியாது. ராமிஸில் நுழைகிற இரகசிய இலக்கமும் அண்ணனிடம் மட்டும்தான். கம்பனி என்றால் ஒரு பணிப்பாளர் படுத்தாலும் இன்னொருவர் கையெழுத்து வைப்பார். தனி ஆள் வியாபாரத்தில் கையெழுத்து வைக்க இன்னொருவர் இல்லை. இதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

ஆணையாளர் நாயகத்துக்கு முகவரியிட்டு, மேலே டின் நம்பர், மதிப்பீட்டாண்டு, அறிவித்தலின் இலக்கமும் திகதியும் போட்டு, கீழே நாங்கள் எழுதியது ஏறக்குறைய இதுதான்:

"2023/24க்கான எனது வரி 18,000 ரூபாயை உரிய காலத்தில் செலுத்திவிட்டேன். 18.11.2024 முதல் 29.11.2024 வரை மாரடைப்புக்காக ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தேன். 10.01.2025 வரை ஓய்வில் இருக்க வைத்தியர் பணித்தார். எனது வியாபாரம் தனி உரிமை வியாபாரம். கணக்கு எழுதுவதும் விபரத்திரட்டு அனுப்புவதும் நான் மட்டுமே. ஓய்வு முடிந்தபின் நிலுவைக் கணக்குகளைச் சேர்த்து 10.02.2025 அன்று விபரத்திரட்டை அனுப்பினேன். முந்திய ஆண்டுகளில் நான் பிந்தியதில்லை. ஆகவே 80,000 ரூபாய் தண்டப்பணத்தை முழுமையாக நீக்குமாறு கேட்கிறேன். அது இயலாவிடில், நோயினால் தடைப்பட்ட காலத்துக்குரிய 70,000 ரூபாயையாவது நீக்குமாறு வேண்டுகிறேன்."

கடைசி வசனத்தை அண்ணன் விரும்பவில்லை. "நாமளே 10,000 கட்டுறம்னு சொல்லலாமா?" என்றார். சொல்லலாம் என்பதே என் எண்ணம். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று கேட்கும் கடிதத்துக்கு, ஒன்றுமில்லை என்று பதில் எழுதுவது சுலபம்.

டயக்னோசிஸ் காட், ஓய்வுத் துண்டு, வரி கட்டிய பற்றுச்சீட்டு, விபரத்திரட்டு கிடைத்ததற்கான அத்தாட்சி, முந்திய ஆண்டுகளின் அத்தாட்சிகள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்தோம். பலரும் விபரத்திரட்டைக் கொடுக்காமலே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறார்கள். அது வீண், கொடுக்கும்வரை மாதத்துக்கு 10,000 ஏறிக்கொண்டே இருக்கும்.

சிங்களத்தில் எழுதினால்தான் நடக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேவையில்லை. அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1999இலிருந்து ஹல்துமுல்லை பிரதேச செயலாளர் பிரிவே இருமொழிப் பிரிவுதான். தமிழில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கொப்பிக்குள் வைத்தோம்.

தண்டக் கணக்கே தவறு என்று வாதாடுவது வேறு வழி. அதற்கு மீளாய்வு கேட்க வேண்டும், அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள். இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பக் கூடாது. கணக்குச் சரி, ஆனால் காரணம் உண்டு என்பதே நம்முடைய வாதம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டி முடித்த 18,000 வரிக்கு, தாள் பிந்தியதால் 80,000 என்பது நியாயமே இல்லை. சின்ன வரிக்காரருக்கு இந்த 50,000 அடித்தளத்தைப் பாராளுமன்றம் குறைக்க வேண்டும். அதுவரை, வீட்டில் கடைக்காரர் யாராவது நவம்பரில் வாட்டில் படுத்திருந்தால், 30ஆந் திகதிக்கு முன்பே கால நீடிப்புக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். நீடிப்புக் கிடைத்தால் மன்னிப்புக் கேட்க வேண்டி வராது.