தேர்தல் அறிவிப்பும் தவணைப் பாக்கியும்

நம் திருப்புட்குழியை அடுத்த காஞ்சிபுரத்தில் 1904ஆம் ஆண்டிலேயே நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. ஆகவே சங்கத் தேர்தல் இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. எனினும் வீட்டுவசதிச் சங்கத் தேர்தல் அறிவிப்பில் ஒரு விதியை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

நிர்வாகக் குழுவுக்கு நிற்பவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருத்தல் வேண்டும். வேட்புமனுவில் முன்மொழியும் அங்கத்தினர், வழிமொழியும் அங்கத்தினர் ஆகியோரின் கையொப்பமும், நிற்பவரின் சம்மதமும் தேவை. இவை எளியன. தவணை தவறியவர் தகுதியிழப்பார் என்னும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியே இடறச் செய்வது. கடன் பெற்றிருப்பது குற்றமன்று; கெடு கடந்த பாக்கியே தடை. பாக்கி வசூலிக்க வேண்டிய குழுவில் பாக்கிதாரர் அமர்தல் தகாது என்பதே இதன் நியாயம்.

நெசவாளர் ஒருவர் வீட்டுக் கடனுக்கு மாதம் 1,500 ரூபாய் கட்டுகிறார் எனக் கொள்வோம். கூலி தாமதமாகி ஒரு தவணை நின்றுவிடுகிறது. மனுப் பரிசீலனையின்போது அப்பாக்கி ஏட்டில் இருந்தால் மனு தள்ளுபடியாகக்கூடும். மறுநாள் கட்டியும் பயனில்லை. நெசவாளர் சங்கம் போன்ற பிற கூட்டுறவுச் சங்கத்துப் பாக்கியும் தடையாகும்.

ஆகையால் தேர்தல் அறிவிப்புடன் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாக்கிக் கணக்கையும் சங்கம் அனுப்புதல் வேண்டும் என்பது நம் கருத்து. நிற்க விரும்புவோரும் மனு அளிக்குமுன் பாக்கியைத் தீர்த்து, ரசீதைக் கையில் வைத்திருத்தல் நன்று.