வெற்றுத் தடம் வீண் அல்ல

பேர்மிங்ஹாம் நகரத்தை எம்6 நெடுஞ்சாலையுடன் இணைக்கும் அஸ்ரன் விரைவுச்சாலை 1972இல் திறக்கப்பட்டது. ஏழு தடங்கள், நடுவே தடுப்புச்சுவர் இல்லை. காலையில் நகரை நோக்கி நான்கு தடங்களும் வெளியே செல்ல இரண்டும் திறந்திருக்கும். மாலையில் இது தலைகீழாகும். மற்றைய வேளைகளில் மூன்றுக்கு மூன்று. எஞ்சும் ஒரு தடம் எப்போதும் வெறுமையாகவே கிடக்கும்.

நெரிசலில் தவிப்போருக்கு அது வீணாகத் தோன்றலாம். நான் அவ்வாறு கருதவில்லை. எதிரெதிர் வாகனங்களைப் பிரிக்கும் சுவர் அதுவே. நகர்நோக்கிய ஓரத்திலிருந்து எண்ணினால், பகலில் நான்காம் தடம் வெறுமையானது. காலை மாற்றத்தின்போது முதலில் ஐந்தாம் தடத்தின் மேல் சிவப்புப் பெருக்கற்குறி ஒளிர வேண்டும். அங்குள்ள வாகனங்கள் முற்றாக விலகிய பின்னரே நான்காம் தடத்தின் மேல் பச்சை அம்புக்குறி தோன்றலாம். வெறுமை ஒரு தடம் நகர்கிறது, அவ்வளவே. எத்தடமும் நேரடியாகத் திசை மாறுவதில்லை.

இங்கே சாரதி கடிகாரத்தையோ முன்செல்லும் வாகனத்தையோ நம்பலாகாது. தன் தடத்துக்கு மேலுள்ள சமிக்ஞையையே நம்ப வேண்டும். கூம்புகளை மட்டும் அடுக்கித் திசை மாற்ற முனையும் நகரங்கள், அந்த வெற்றுத் தடத்தையும் சேர்த்தே கணக்கிடட்டும்.