நேற்றைய காளான்

சமைத்த காளானை மீண்டும் சூடாக்கினால் விஷமாகிவிடும் என்பது ஜெர்மானிய சமையலறைகளின் பழைய எச்சரிக்கை. வீடுகளில் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. காளானில் நீர் அதிகம், புரதமும் உண்டு. இரவு முழுக்க அடுப்படியில் கிடந்தால் பாக்டீரியாக்கள் பெருகும். அவற்றில் சில வெளியிடும் நச்சு, மறுநாள் கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆக, குற்றவாளி சூடு அல்ல. வெளியே கிடந்த நேரம்தான். இரவு 8 மணிக்கு இறக்கிய காளான் குழம்பை 10 மணிக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மறுநாள் ஆவி பறக்க, அதாவது 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சாப்பிடலாம். இரவில் வெகுநேரம் மின்சாரம் போயிருந்தால் கொட்டிவிடுவதே மேல். நச்சு இருப்பதை வாசனை எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை. காட்டு விஷக் காளானோ முதல் முறை சமைத்தாலே ஆபத்துதான்.