உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

பிள்ளைகளே, அப்பாவின் பழைய சைக்கிளைத் துடைக்க உப்புத்தாளையோ, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையோ எடுக்காதீர்கள் என்பதே என் கட்சி. குரோம் பூச்சு முடியைவிட மெல்லியது. அதிலுள்ள நுண்துளை வழியே அடியிலுள்ள இரும்பின் துரு புள்ளியாக எட்டிப் பார்க்கிறது. சுரண்டினால் பூச்சுதான் போகும்.

பிரியாணிப் பொட்டலத்தின் சில்வர் பேப்பர் போதும். அலுமினியம் குரோமைவிட மிருது, கீறாது. ஆனால் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்; ஒட்டியிருக்கும் மணல்தான் உண்மையில் கீறும். பேப்பரைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்து மெதுவாகத் தேயுங்கள். கறுப்புக் குழம்பு வரும். அதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். போன வாரம் பேரனோடு ஹேண்டில்பாரை இப்படித்தான் தேய்த்தேன். பெரும்பாலான புள்ளிகள் போயின. பிரேக் பிடியின் அடியில் இரண்டு மட்டும் நகத்தில் தட்டுப்படும் குழிகளாக நின்றன. அவற்றை அப்படியே விட்டேன். குழியை எந்தத் தேய்ப்பும் நிரப்பாது.

ரிம்மில் பூச்சு செதிலாக உரிந்திருந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள், இன்னும் உரியும். நன்றாகக் காய்ந்தபின் ஹேண்டில்பாரில் மெஷின் ஆயிலை லேசாகத் தடவலாம். ரிம்மில் பிரேக் கட்டை உரசும் இடத்தில் மட்டும் எண்ணெய் கூடாது. கம்பி பிரேக் சைக்கிளில் அது ஸ்போக்ஸ் பக்கம், உள்புறம்.